ஆளும் இல்லையாம், சம்பளமும் கூட்ட முடியாதாம்

மலையகத்துப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பேச்சாளர்கள் நெடுங்காலமாகவே இரண்டு முறைப்பாடுகளைச் சேர்த்துச் சொல்லி வருகின்றனர். கொழுந்து பறிக்க ஆள் கிடைக்கவில்லை, மலைகள் காடாகின்றன என்பது ஒன்று. நாட்சம்பளத்தைச் சட்டம் போட்டு உயர்த்தினால் தோட்டங்கள் நட்டமடைந்து, தொழிலாளர் வேலை இழப்பர் என்பது மற்றது. பத்திரிகையாளர் மாநாடுகளில் இவ்விரண்டையும் ஒருவரே, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள், சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்தியாளர்களும் இரண்டையும் அடுத்தடுத்த பந்திகளில் எழுதி அனுப்பிவிடுவர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

சந்தை சந்தை என்று வாய் ஓயாமல் பேசுவோரின் கணக்கிலேயே இதனைப் பார்ப்போம். அரிசி தட்டுப்பட்டால் அதன் விலை ஏறும். விலை ஏறியதும் ஒளித்து வைத்தவனும் வெளியே கொண்டு வருவான், தட்டுப்பாடு தீரும். உழைப்புக்கும் இதே விதி என்றால், ஆள் தட்டுப்பட்ட கம்பனி யாரும் கேட்காமலே சம்பளத்தை உயர்த்தியிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆள் தட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு பத்து ரூபாவுக்கும் தொழிற்சங்கங்களோடும் அரசாங்கத்தோடும் நீதிமன்றத்தோடும் மல்லுக்கட்டும் ஒருவர், அரிசிச் சந்தையின் விதிக்குள் நிற்கவில்லை. அவர் நிற்பது வேறொரு சந்தையில்.

அந்தச் சந்தைக்குப் பெயர் வைத்தவர் கேம்பிறிட்ஜ் பொருளியலாளர் ஜோன் றொபின்சன். விற்பவர் ஒருவராகவும் வாங்குபவர் பலராகவும் இருந்தால் அது தனியுரிமை. இது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் ஒருவராகவும் விற்பவர் பலராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதை 1933 இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஆராய்ந்தார். அதற்கென ஒரு சொல் தேவைப்பட்டபோது, ஹோல்வோட் என்ற செவ்வியல் மொழி அறிஞரின் உதவியோடு கிரேக்க வேர்களைக் கொண்டு 'மொனொப்சனி' என்ற சொல்லை ஆக்கினார். இங்கே அதனை நாம் கொள்வோன் தனியுரிமை என்று சொல்லிக்கொள்வோம். உழைப்பை விற்க ஆயிரம் பேர், வாங்க ஒரு தோட்டம் என்ற நிலையே அது.

ஒரு பள்ளத்தாக்கைக் கற்பனை செய்யுங்கள். அங்கே ஒரேயொரு தேயிலைத் தோட்டம். வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்தத் தோட்டத்தின் கணக்கேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. நாளொன்றுக்கு 500 ரூபா கொடுத்தால் 20 பேர் வேலைக்கு வருவர். 600 ரூபாவுக்கு 40 பேர், 700 ரூபாவுக்கு 60 பேர், 800 ரூபாவுக்கு 80 பேர். சம்பளம் ஏற ஏற, வீட்டில் இருந்தவர்களும் நகரத்துக்குப் போக நினைத்தவர்களும் மலைக்கு ஏறுகிறார்கள்.

இப்போது அந்தத் தோட்டத் துரையின் கதிரையில் அமர்ந்து பாருங்கள். 60 பேருக்கு 700 ரூபா வீதம் நாட்செலவு 42,000 ரூபா. அறுபத்தோராவது ஆளையும் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அவர் 700 ரூபாவுக்கு வரமாட்டார், 705 கேட்பார். அவருக்கு மட்டும் 705 கொடுத்து மற்றவர்களை 700 இல் நிறுத்திவைக்க முடியாது; ஒரே மலையில் ஒரே வரிசையில் நின்று பறிப்பவர்கள் அவர்கள். எல்லோருக்கும் 705 ஆகும். 61 பேருக்கு 705 ரூபா வீதம் 43,005 ரூபா. ஆக, 705 ரூபாச் சம்பளக்காரர் ஒருவர் உங்கள் செலவில் 1,005 ரூபாவைக் கூட்டிவிட்டார். அவர் பறிக்கும் கொழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது 995 ரூபாதான் என்றால் அவரை எடுக்கமாட்டீர்கள். அவர் 705 ரூபாவுக்கு உழைக்க ஆயத்தமாக இருக்கிறார், 995 ரூபா பெறுமதியை ஆக்கித் தரவும் வல்லவர். ஆயினும் அவருக்கு வேலை இல்லை. ஆள் பற்றாது என்று நீங்கள் முறையிடுவதும் பொய்யல்ல. 700 ரூபாவுக்கு இன்னும் பத்துப் பேர் வந்தால் மகிழ்ந்து எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் அந்தப் பத்துப் பேருக்காக அறுபது பேருக்குக் கூட்டிக் கொடுக்க உங்கள் கணக்கு இடங்கொடாது.

மேலே சொன்ன இரட்டை முறைப்பாட்டின் விளக்கம் இதுதான். இதையே படமாக வரைந்தால் இப்படி இருக்கும்:

```
1500 |    x
1400 |        x
1300 |            x                       +
1200 |                x               +
1100 |                    x       +
1000 |                        3                       o
 900 |                    +   :   x           o
 800 |                +       :       2
 700 |            +           1       :   x
 600 |        +       o       :       :       x
 500 |    +   o               :       :           x
 400 |o                       :       :
     +------------------------+-------+----------------
                              60      80
```

நிலைக்குத்தாக இருப்பது நாட்சம்பளம், ரூபாவில். கிடையாக இருப்பது தொழிலாளர் எண்ணிக்கை. `o` என்ற கோடு உழைப்பின் நிரம்பல்: எந்தச் சம்பளத்துக்கு எத்தனை பேர் வருவர் என்பது. `+` என்ற கோடு எல்லைச் செலவு: இன்னும் ஒருவரை எடுப்பதால் மொத்தச் செலவில் கூடுவது. எல்லோருக்கும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருப்பதால் அது நிரம்பல் கோட்டை விட இரு மடங்கு செங்குத்தாக ஏறுகிறது. `x` என்பது கடைசியாகச் சேர்ந்தவர் ஆக்கித் தரும் பெறுமதி. நல்ல மலைகளை முதலில் பறித்துவிட்டு மோசமான மலைகளுக்குப் போவதால் அது படிப்படியாக இறங்குகிறது.

இலாபத்தைத் தேடும் தோட்டம், `+` கோடும் `x` கோடும் சந்திக்கும் 3 ஆம் புள்ளியில் நின்று, 60 பேர் போதும் என்று முடிவு செய்கிறது. ஆனால் அந்த 60 பேருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை நிரம்பல் கோட்டில் பார்க்கிறது. அது 1 ஆம் புள்ளி, 700 ரூபா. கடைசித் தொழிலாளி ஆக்கித் தருவது 1,000 ரூபா, பெறுவது 700 ரூபா. 3 க்கும் 1 க்கும் இடையில் புள்ளி புள்ளியாக நிற்கும் அந்த 300 ரூபா, தொழிலாளியின் திறமைக் குறைவால் வந்த வித்தியாசமல்ல. போக வேறு இடமில்லை என்பதால் வந்தது.

இனி அரசாங்கம் தலையிட்டு, 800 ரூபாவுக்குக் குறைவாக எவருக்கும் கொடுக்கலாகாது என்று வர்த்தமானியில் அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துரையின் கணக்கு அந்த நாளிலேயே மாறிவிடும். அறுபத்தோராவது ஆளுக்கு 800, எண்பதாவது ஆளுக்கும் 800. புதியவரை எடுப்பதால் பழையவர்களின் சம்பளம் ஏறப்போவதில்லை, ஏனெனில் அது சட்டத்தால் ஏற்கெனவே ஏறிவிட்டது. மற்றவர்களுக்கும் கூட்ட வேண்டுமே என்ற பயம் போய்விட்டது. `+` கோட்டின் ஏற்றம் அழிந்து, 800 இல் ஒரு தட்டையான கோடு வந்து அமர்கிறது. அந்தத் தட்டைக் கோட்டைப் பெறுமதிக் கோடு 2 ஆம் புள்ளியில் வெட்டுகிறது: 80 பேர். சம்பளமும் ஏறியது, இருபது பேருக்குப் புதிதாக வேலையும் கிடைத்தது.

இதில் கருணை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டம் அந்த இருபது பேரையும் இலாபத்துக்காகத்தான் எடுக்கிறது. அப்படியானால் ஏன் எதிர்க்கிறது? மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்பு 60 பேர் நாளொன்றுக்கு ஆக்கித் தந்தது 78,000 ரூபா; சம்பளம் 42,000 போகத் தோட்டத்துக்கு மிஞ்சியது 36,000. இப்போது 80 பேர் ஆக்கித் தருவது 96,000 ரூபா. சம்பளம் 64,000 போக மிஞ்சுவது 32,000. நாட்டின் உற்பத்தி 18,000 ரூபாவால் கூடியிருக்கிறது, தோட்டத்தின் பங்கு 4,000 ரூபாவால் குறைந்திருக்கிறது. தேயிலைக் கைத்தொழிலின் எதிர்காலம் குறித்து விடப்படும் கண்ணீரில் எவ்வளவு அந்த நாலாயிரத்துக்கானது என்பதை வாசகர்கள் தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு பள்ளத்தாக்கு, ஒரு தோட்டம் என்பது கரும்பலகைக் கதை. நுவரெலியாவிலும் பதுளையிலும் எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குவோர் பலர் இருந்தாலும் அவர்கள் ஒருவரையொருவர் விஞ்ச மாட்டோம் என்று உடன்பட்டுவிட்டால், அவர்கள் ஒருவரே. இலங்கைத் தேயிலையின் வரலாறு அந்த உடன்பாட்டின் வரலாறும் ஆகும். வெள்ளைக்காரத் துரைமாரின் சங்கம் 1854 இலேயே தோன்றிவிட்டது. ஒரு தோட்டத்தின் ஆட்களை இன்னொரு தோட்டம் ஆசை காட்டி இழுப்பது அக்காலத்தில் பெரும் குற்றமாகக் கருதப்பட்டது. 'துண்டு' முறையை நம் மூதாதையர் நன்கறிவர். கங்காணிக்குத் தொழிலாளி பட்டிருந்த கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. அதைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டம் அவரை எடுக்கலாம். கடனோ சம்பளத்தால் தீரக்கூடிய அளவில் இருப்பதில்லை. சட்டம் 1921 இல் துண்டை ஒழித்தது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927 இல் வந்தது. அன்றும் தோட்டங்கள் அழிந்துவிடவில்லை.

துண்டு போய்விட்டது, லயன் அறை இருக்கிறது. குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கும் வரையில், பக்கத்துத் தோட்டம் ஐம்பது ரூபா கூடக் கொடுத்தாலும் ஒரு குடும்பம் பெயர்ந்து போவது எளிதல்ல. பிள்ளையின் பாடசாலை, தாய் தகப்பன் இருக்கும் அறை, வாசலில் போட்ட மரக்கறிப் பாத்தி எல்லாம் அந்த வேலையோடு போய்விடும். அதற்கும் மேலாக, பக்கத்துத் தோட்டம் அந்த ஐம்பது ரூபாவைக் கொடுத்ததே இல்லை. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனம் ஒன்றே பேரம் பேசியது. கூட்டு ஒப்பந்தத்தில் விழுந்த தொகையே எல்லாத் தோட்டங்களிலும் சம்பளமாயிற்று. 2019 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆள் கிடைக்கவில்லை என்று அப்போதும் சொன்னார்கள். சொன்னவர்களில் தாமாகவே 750 ரூபா அடிப்படைச் சம்பளம் அறிவித்து, ஆட்களைத் திரட்டிக்கொள்ள முன்வந்த கம்பனி எது?

இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விடுகிறார்களே, கட்டிப்போட்டா வைத்திருக்கிறோம் என்று கம்பனித் தரப்பு மறுமொழி சொல்லும். இந்த மறுமொழி அவர்களுக்கே எதிராகத் திரும்புவது. கொள்வோன் தனியுரிமை என்பது சிறைச்சாலை அல்ல. சம்பளம் குறைந்தால் சிலர் போவர், சிலர் இருப்பர் என்பதே அந்த நிரம்பல் கோட்டின் சாய்வு. போகக்கூடியவர்கள் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விடுகிறார்கள். கைக்குழந்தைக்காரியும், நாற்பது வயதைக் கடந்தவளும், முதியோரைப் பார்க்க வேண்டியவளும் எஞ்சுகிறார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்கும் சம்பளத்தைக் கொடுத்தால், போக முடியாதவர்களுக்கும் அதையே கொடுக்க நேரும். ஆகவே போனவர்களை இழந்து, இருப்பவர்களின் மலிவில் இலாபம் காண்பதே கம்பனியின் தெரிவு. காடாகும் மலைகள் அந்தத் தெரிவின் விலை.

இனி, என் தரப்பிலிருந்து மிகைப்படுத்திப் பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்தை எவ்வளவு உயர்த்தினாலும் வேலை பெருகும் என்று இந்தப் படம் சொல்லவில்லை. நமது பள்ளத்தாக்கில் 800 ரூபாவுக்கு மேல் போகப் போக வேலை எண்ணிக்கை 80 இலிருந்து இறங்கத் தொடங்கும். 900 இல் 70 பேர். 1,000 இல் 60 பேர், அதாவது பழைய எண்ணிக்கை. சம்பளம் மட்டும் முந்நூறு ரூபா கூடியிருக்கும். அதற்கும் மேலே 1,100 ரூபா என்றால் 50 பேர்தான். எனவே 700 க்கும் 1,000 க்கும் இடையில் எங்கே தளத்தைப் போட்டாலும் ஒருவரும் வேலை இழக்கமாட்டார். அதற்கு அப்பால் இழப்பர். உண்மையான தோட்டத்தில் அந்த மேல் எல்லை எங்கே என்பதைத் தேயிலை விலையும் ஒரு நாளில் பறிக்கக்கூடிய கொழுந்தின் அளவுமே தீர்மானிக்கின்றன. கொழும்பு ஏலத்தில் விலையைக் கம்பனி நிர்ணயிப்பதில்லை. கூடிய சம்பளத்தை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டவும் முடியாது. செடிகளை மீள்நடுகை செய்யாமல் கிழடாகவே விட்ட தோட்டத்தில் அந்த எல்லை தாழ்ந்திருக்கும். அது தொழிலாளியின் குற்றமல்ல என்பதைச் சொல்லலாம். எல்லை தாழ்ந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வேறு நாடுகளில் இது சோதிக்கப்பட்டதா? அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்ச மணிச்சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. அயலிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரு பக்கத்துத் துரித உணவகங்கள் நானூற்றுக்கு மேற்பட்டவற்றை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்து, 1994 இல் முடிவை வெளியிட்டனர். நியூஜேர்சியில் வேலை குறையவில்லை. பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் சற்றுக் கூடியிருந்தது. நியூமார்க், வாஷர் ஆகிய இருவர் வேறு தரவுகளைக் கொண்டு இதனை மறுத்தனர். இன்னும் விரிவான தரவுகளோடு கார்ட்டும் குரூகரும் 2000 இல் பதிலளித்தபோது, வேலை பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை என்ற அளவிலேயே நின்றனர். விவாதம் ஓயவில்லை. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயம் வேலையை அழிக்கும் என்று பாடப்புத்தகத்தைக் காட்டி மிரட்டும் காலம் முடிந்துவிட்டது. கார்ட்டுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் 2019 இலேயே காலமாகியிருந்தார்.

அதே 2021 இல்தான் நமது நாட்டில் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்கியது. 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. அதன் பின்னர் வேலை கூடியதா குறைந்ததா என்று எண்ணிக்கையைக் காட்டி வாதாட நான் வரவில்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, கொழுந்து விழுந்தது. அடுத்த ஆண்டு நாடே வங்குரோத்தானது. இத்தனைக்கும் நடுவில் சம்பளத்தின் விளைவைத் தனியே பிரித்தெடுப்பதாகச் சொல்பவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவராயினும் நம்பவேண்டாம்.

ஆனால் ஒன்றைப் பிரித்தெடுக்க முடியும். ஆயிரம் ரூபா வந்ததும் பல தோட்டங்களில் எழுந்த முறைப்பாடு வேலைநீக்கம் பற்றியது அல்ல. ஒரு நாள் பெயருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு பற்றியது. பதினாறு, பதினெட்டு என்றிருந்த கிலோவை இருபதாக்கினார்கள், எட்டாதவளுக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. இதனை நமது படத்தோடு வைத்துப் பாருங்கள். பதினாறு கிலோவுக்கு 800 ரூபா என்றால் கிலோ ஒன்றுக்கு 50 ரூபா. இருபது கிலோவுக்கு 1,000 ரூபா என்றாலும் அதே 50 ரூபா. வர்த்தமானியில் தளம் இருநூறு ரூபா உயர்ந்திருக்கிறது, மலையில் ஒரு சதமும் உயரவில்லை. இருபது கிலோவைத் தொட முடியாதவள் அரைப்பேரோடு வீடு திரும்பும்போது தளமே இல்லாமற் போகிறது. அவளும் ஒரு நாள் கொழும்பு பஸ் ஏறுவாள். அப்போது கம்பனி சொல்லும்: பாருங்கள், சம்பளத்தை உயர்த்தினீர்கள், வேலையாட்கள் குறைந்துவிட்டார்கள்.

நாட்சம்பளத்துக்குத் தளம் போடுபவர் நாள் என்பது எத்தனை கிலோ என்பதையும் அதே வர்த்தமானியில் எழுத வேண்டும். செடியின் வயது, பருவம், மலையின் சரிவு பார்த்து அளவு மாறலாம். ஆனால் மாற்றுபவர் சம்பளம் கொடுப்பவர் மட்டுமாக இருக்கலாகாது. பழைய கூட்டு ஒப்பந்தங்களில் தொழிற்சங்கங்களுக்கு இதில் ஓரளவேனும் குரல் இருந்தது. ஒப்பந்தம் போனதோடு அதுவும் போயிற்று. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவை அறிவித்தபோதும் கிலோ பற்றிய சச்சரவு தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது.

2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் 1,750 ரூபா என்றது. பத்திரிகைத் தலைப்புகளும் அப்படியே வந்தன. உள்ளே பார்த்தால், 1,350 ஐ 1,550 ஆக்குவது கம்பனியின் பங்கு; மீதி 200 ரூபா, வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் கொடுப்பது. தொழிலாளியின் கையில் இரண்டும் பணமே, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆயினும் நமது படத்தில் அவை ஒன்றல்ல. முதலாவது, 3 க்கும் 1 க்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்து எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. இரண்டாவது, அந்த இடைவெளியைத் தொடாமல் வரி கட்டுவோரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்த 200 ரூபாவால் மலைக்குத் திரும்பும் தொழிலாளியின் உழைப்பு, கம்பனிக்கு ஒரு சதமும் கூடாமல் வந்து சேர்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில், "அவர்களுக்குத்தான் 1,750 கிடைக்கிறதே" என்று கம்பனித் தரப்பு தொடங்கும்போது, மேசையின் மறுபக்கத்தில் இருப்போர் கையில் 1,550 என்ற எண்ணையும், அதற்கு எத்தனை கிலோ என்ற எண்ணையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.